கடைசி ஃப்ரேமும் முதல் ஃப்ரேமும்

திரைக்கதையிலும் ஷாட் பிரிப்பிலும் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு நகர்வது நெடுநாள் வழக்கம். ‘கட்’ என்றோ, ‘டிஸ்ஸால்வ்’ என்றோ, ‘விப் பேன்’ என்றோ, ‘மேட்ச் கட்’ என்றோ பக்கத்தின் ஓரத்தில் ஒரு சொல் நிற்கும். அதைப் படிக்கும் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் தமக்குத் தோன்றியதை அதில் நிரப்பிக்கொள்வார்கள். படப்பிடிப்பு முடிந்து காட்சிகளைத் தொகுக்க உட்காரும்போதுதான் ஒவ்வொருவரும் நிரப்பிக்கொண்டது வேறு வேறு என்பது தெரியவரும். இந்தக் குழப்பத்துக்குச் சொற்களின் துல்லியமின்மை காரணமல்ல. மேட்ச் கட் என்றால் என்ன, டிஸ்ஸால்வ் என்றால் என்ன என்பது சினிமாக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சொல் மூட்டின் பெயரை மட்டுமே சொல்கிறது. மூட்டில் சேரும் இரண்டு எலும்புகளைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. ஒரு ஷாட் எந்தப் படிமத்தில், எந்த அசைவில், எந்த ஒலியில் முடிகிறது, அடுத்தது எதில் தொடங்குகிறது: இந்த இரண்டு ஓரங்களை எழுதினால்தான் மாற்றத்தை எழுதியதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஓரங்கள் எழுதப்பட்டிருந்தால் பெயர் தவறாக இருந்தாலும் காட்சி பிழைக்கும். பெயர் மட்டும் இருந்து ஓரங்கள் இல்லாமல்போனால் எடிட்டிங் அறையில் அதைக் காப்பாற்ற வழி குறைவு.

இதற்கு வலுவான சான்று, மேட்ச் கட்டுக்கு உதாரணமாக எல்லாப் பாடப்புத்தகமும் காட்டும் ஒரு வெட்டிலேயே இருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1962-ல் வெளிவந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில், கெய்ரோவில் ஓர் அலுவலக அறை. பீட்டர் ஓ’டூல் நடித்த லாரன்ஸ், டிரைடன் என்ற அதிகாரியின் சுருட்டுக்குத் தீக்குச்சி கொளுத்துகிறான். குச்சி எரிந்துகொண்டே இருக்க அதைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கிறான். பிறகு வாயால் ஊதி அணைக்கிறான். அந்த ஊதலோடு படம் பாலைவனத்துக்குத் தாவுகிறது. விடிவதற்கு முன்னான செந்நிற வானம், நீண்டு கிடக்கும் அடிவானக் கோடு. சற்றுப் பொறுத்துச் சூரியனின் விளிம்பு மேலெழுகிறது. படத்தொகுப்பாளர் ஆன் கோட்ஸ் பிற்காலப் பேட்டிகளில் சொன்னதன்படி, இந்த இடத்தில் திரைக்கதை கேட்டிருந்தது டிஸ்ஸால்வ். அக்காலத்தில் டிஸ்ஸால்வை எடிட்டிங் மேசையில் பார்க்க முடியாது. வேலைப் பிரதியில் இரண்டு ஷாட்டுகளையும் நேராக ஒட்டி, கலக்கவேண்டிய ஃப்ரேம்களின் மேல் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு வைப்பார்கள். கலப்பை ஆய்வகம் பின்னர் செய்து தரும். அப்படிக் கோடு போட்ட பிரதியைப் போட்டுப் பார்த்தபோது திரையில் வந்தது நேரான வெட்டு. அது அத்தனை நன்றாக இருந்தது. பிரெஞ்சுப் புதிய அலைப் படங்களின் நேரடி வெட்டுகளில் கோட்ஸுக்கு ஏற்கனவே ஈடுபாடு இருந்தது. கிட்டத்தட்டச் சரியாக இருக்கிறது, இன்னும் சரிசெய்து கொண்டுவா என்று லீன் சொல்ல, அவர் இரண்டு ஃப்ரேம்களை மட்டும் எடுத்துவிட்டார்.

இந்தக் கதையை என் வாதத்துக்கு எதிராகவே ஒருவர் எடுத்துக்காட்டலாம். தாளில் எழுதியது டிஸ்ஸால்வ், திரையில் வந்தது வெட்டு; ஆகவே மாற்றங்களைத் தாளில் எழுதுவதே வீண், அவை எடிட்டிங் அறையில் கண்டெடுக்கப்படுபவை என்று அவர் சொல்லலாம். ஆனால் இங்கே மாறியது எது, மாறாமல் நின்றது எது என்று பிரித்துப் பாருங்கள். மாறியது பெயர் ஒன்றுதான். லாரன்ஸின் முகத்தருகே எரியும் குச்சி, ஊதும் மூச்சு, மறுபுறம் ஒளி மெல்ல ஏறும் வெற்று அடிவானம் ஆகிய மூன்றும் படப்பிடிப்பிலேயே எடுத்து முடிக்கப்பட்டவை. குச்சி தானாக அணையும்படி எடுத்திருந்தால் அந்த மூச்சு இருக்காது; மூச்சு இல்லையென்றால் வெட்டுக்கு ஓர் உந்துதல் இருக்காது. பாலைவன ஷாட் முழுச் சூரியனோடு தொடங்கியிருந்தால் அணைந்த தீயே எரியும் சூரியன் ஆனது என்ற மலிவான உவமை மட்டும் மிஞ்சியிருக்கும். கோட்ஸ் இரண்டு ஃப்ரேம்களில் செய்த செப்பம் நுட்பமானது. ஆனால் செப்பம் செய்வதற்கு ஓரங்கள் அவர் கையில் இருந்தன.

இந்த வெட்டைப் பற்றி ஒரு திருத்தமும் சொல்லவேண்டும், ஏனெனில் விவரிக்கும் பழக்கத்தின் குறை இதிலேயே தெரிகிறது. ‘தீக்குச்சியின் சுடர் சூரியனாக மாறுகிறது’ என்றுதான் இதைப் பலரும் எழுதுகிறார்கள். படத்தில் அப்படி நடப்பதில்லை. வெட்டு விழும் கணத்தில் அடுத்த ஷாட்டில் சூரியனே இல்லை. சிவந்த வானமும் இருண்ட நிலமும் மட்டுமே இருக்கின்றன. சுடரின் வடிவத்தோடு பொருந்தும் எதுவும் அந்த முதல் ஃப்ரேமில் கிடையாது. பொருந்துவது சுடரின் நிறமும் வானத்தின் நிறமும். அதைவிட முக்கியமாக, ஓர் எதிர்பார்ப்பு. அணைத்த வெளிச்சம் எங்கே போனது என்று பார்வையாளர் தேடத் தொடங்கும்போது சூரியன் தாமதமாக வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. ‘மேட்ச் கட்: சுடர் – சூரியன்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஓர் உதவி இயக்குநர் ஃப்ரேமின் நடுவில் வட்டமான சூரியனை வைத்து அந்த ஷாட்டைத் தயார் செய்துவிடுவார். முதல் ஃப்ரேமில் சூரியன் இல்லை, ஒளி மட்டும் இருக்கிறது, அடிவானம் வெறுமையாக இருக்கிறது, சில விநாடிகள் கழித்தே விளிம்பு தெரிகிறது என்று எழுதினால்தான் லீனின் பாலைவனம் கிடைக்கும்.

வடிவத்தால் பொருந்தும் மேட்ச் கட்டை எழுதும்போது ஓரங்களைப் பற்றிச் சொல்லவேண்டியது இன்னும் கூடுகிறது. ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யில் (1968) வாலில்லாக் குரங்கு வானில் எறிந்த எலும்பு, சுழன்று இறங்கும்போது விண்கலமாகிறது. நீண்டு வெளிறிய ஒரு பொருள், அதைச் சுற்றி எதுவுமற்ற வெளி. இரண்டு ஷாட்டுகளும் இவற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. மற்றதெல்லாம் வேறு. பகல் வானம் கறுத்த விண்வெளியாகிறது, சுழற்சி நின்று மிதப்பாகிறது, பல லட்சம் ஆண்டுகள் கடந்துவிடுகின்றன. எதைப் பொருத்துகிறோம் என்பதோடு எதை மாற்றுகிறோம் என்பதையும் எழுதியாகவேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. எல்லாமே பொருந்திவிட்டால் அது மேட்ச் கட்டாகத் தெரியாது. அதே பொருள் இடையில் சில ஃப்ரேம் தொலைந்து துள்ளியதுபோல் தெரியும். பொருந்தும் பண்பு ஒன்றிரண்டாகச் சுருங்கி, மாறும் பண்பு பெரிதாக விரியும்போதுதான் பார்வையாளரின் மனம் இரண்டையும் இணைத்துப் பார்க்கும் வேலையை ஏற்றுக்கொள்கிறது.

பொருந்தும் பண்புகளில் திரையில் பொருள் நிற்கும் இடத்துக்குத் தனி கவனம் வேண்டும். முடியும் ஷாட்டில் பார்வையாளரின் கண் எங்கே நிற்கிறதோ, தொடங்கும் ஷாட்டில் பொருந்தவேண்டிய வடிவமும் அங்கேயே இருக்கவேண்டும். கண் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குத் தாவ வேண்டுமென்றால், தாவல் தொடங்குவதற்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு விநாடி ஆகும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது ஏறக்குறைய 5 ஃப்ரேம். அந்த 5 ஃப்ரேமுக்குள் பார்வையாளர் புதிய இடத்தைப் பார்த்துவிடுகிறார், பின்னணியைப் படித்துவிடுகிறார், பொருத்தம் என்ற எண்ணமே எழாமல் போய்விடுகிறது. ‘சக்கரத்திலிருந்து நிலாவுக்கு மேட்ச் கட்’ என்று எழுதி, முதல் ஷாட்டில் சக்கரம் திரையின் கீழ் இடது மூலையிலும் அடுத்ததில் நிலா மேல் வலது மூலையிலும் எடுக்கப்பட்டுவிட்டால், தொகுப்பாளர் படிமத்தைப் பெரிதாக்கியும் நகர்த்தியும் ஓரளவு ஒட்டவைக்கலாம். அதற்குப் படத்தின் கூர்மையை விலையாகக் கொடுக்கவேண்டும். ‘சக்கரம் ஃப்ரேமின் நடுவில், உயரத்தில் பாதியை நிரப்பி நிற்கிறது’ என்று ஒரு வாக்கியமும், ‘நிலா அதே இடத்தில், அதே அளவில்’ என்று இன்னொன்றும் எழுதியிருந்தால் இந்தச் செலவே இல்லை.

டிஸ்ஸால்வுக்கு வருவோம். ஒரு படிமம் மங்க, இன்னொன்று அதன்மேல் துலங்கும் இந்தக் கலப்பை, காலம் கழிந்ததற்கான அடையாளம் என்று சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம். அந்தப் பொருள் சென்ற நூற்றாண்டின் முற்பாதிப் படங்களில் பெரும்பாலும் செல்லுபடியானது. ஆனால் கலப்பு நடக்கும் அந்த ஒன்றிரண்டு விநாடிகளில் திரையில் மூன்றாவது படிமம் ஒன்று உருவாகிறது. முதல் ஷாட்டிலும் இல்லாத, இரண்டாவதிலும் இல்லாத படிமம். அது எப்படி இருக்கும் என்பதை இரண்டு ஷாட்டுகளின் இருளும் ஒளியும் தீர்மானிக்கின்றன. ஒன்றின் இருண்ட பகுதியில் மற்றதன் ஒளிமிக்க பகுதி முதலில் தெளிந்து வரும். இரண்டிலும் ஒரே இடம் வெளிச்சமாக இருந்தால் அங்கே எதுவும் புலப்படாமல் வெளிறிய பூச்சு ஒன்று மட்டும் மிஞ்சும். ஆகவே டிஸ்ஸால்வை விவரிக்கிறவர் இரண்டு ஓரங்களிலும் இருள் எங்கே, ஒளி எங்கே என்று சொல்லியாகவேண்டும்.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) இதற்கு நல்ல வழக்கு. குளியலறைக் கொலை பல பத்துத் துண்டுகளாக வெட்டப்பட்ட காட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். கொலைகாரன் போனபின் ஷாட்டுகள் நீளத் தொடங்குகின்றன. இரத்தம் கலந்த நீர் தொட்டியின் தரையில் ஓடி, சுழன்று வடிகாலில் இறங்குகிறது. கேமரா வடிகாலை நெருங்க நெருங்க அதன் கறுத்த துளை ஃப்ரேமை நிரப்புகிறது. அந்த இருளிலிருந்து ஜேனட் லீயின் கண் மெல்லத் துலங்குகிறது. கண்ணின் படிமம் சுழன்றபடியே பின்வாங்கி, முகம் தரையில் அழுந்திக் கிடப்பதைக் காட்டி நிற்கிறது. இதை ‘டிஸ்ஸால்வ்: வடிகால் – கண்’ என்று மூன்று சொற்களில் எழுதலாம், தவறும் இல்லை. ஆனால் இந்த மாற்றம் வேலை செய்வதற்கான காரணங்களில் ஒன்றுகூட அந்த மூன்று சொற்களில் இல்லை.

அதையே ஓரங்களாக எழுதிப் பார்ப்போம். முதல் ஷாட்: வடிகால் ஃப்ரேமின் நடுவில் இருக்கிறது, நீர் அதைச் சுற்றிச் சுழன்று இறங்குகிறது, கேமரா நெருங்குகிறது, முடியும்போது நடுப்பகுதி முழுக்க இருள், அசைவு விளிம்பில் மட்டும். இரண்டாம் ஷாட்: கண்ணின் கருவிழி அதே நடுவில், வடிகாலின் துளை இருந்த அளவில், கண் அசைவதில்லை, இமைப்பதில்லை, படிமம் மட்டும் மெதுவாகச் சுழன்றபடி விலகிப் பின் நிலைக்கிறது. இப்படி எழுதியதும் சில விஷயங்கள் தாமாகவே வெளிப்படுகின்றன. முன்ஷாட்டின் நடு இருட்டாக இருப்பதால்தான் கண் அங்கே குழப்பமின்றித் துலங்க முடிகிறது. கேமரா முதலில் உள்ளே போவதும் பிறகு வெளியே வருவதும் எதிரெதிரான அசைவுகள். அவற்றை ஒட்டவைப்பது சுழற்சி. எல்லாவற்றையும்விட, சுழலும் நீரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முன்னால் அசையாத கண் ஒன்று வைக்கப்படுகிறது. சாவை நாம் உணர்வது அந்த அசையாமையில்தான். அந்த அசையாமை முந்தைய ஷாட்டின் அசைவிலிருந்து பிறக்கிறது. இதைத் தாளில் எழுதாமல் விட்டால் நடிகை ஒருமுறை இமைத்தாலும் அது பிழை என்று சொல்ல ஆளிருக்காது.

டிஸ்ஸால்வுக்கு ஒரு கணக்கும் உண்டு. அதை எழுதாததால் வரும் சேதம் மிகச் சாதாரணமாக நடப்பது. 2 விநாடிக் கலப்பு என்றால் 48 ஃப்ரேம். வெட்டுப் புள்ளியை அதன் நடுவில் வைத்தால், முதல் ஷாட் வெட்டுப் புள்ளிக்கு அப்பால் இன்னும் 24 ஃப்ரேம் நீளவேண்டும். இரண்டாவது ஷாட் அதற்கு 24 ஃப்ரேம் முன்பே தொடங்கியிருக்கவேண்டும். தொகுப்பாளர்கள் ஹேண்டில் என்று சொல்லும் இந்த மிச்ச நீளம் படப்பிடிப்பில்தான் கிடைக்கும். வசனம் முடிந்ததும் இயக்குநர் ‘கட்’ என்று சொல்லிவிட்டால், அந்த 24 ஃப்ரேமுக்குள் நடிகரின் முகம் தளர்ந்துவிடுகிறது, கேமரா சாய்கிறது, யாரோ ஃப்ரேமுக்குள் நுழைகிறார். தொகுப்பாளருக்கு இரண்டு வழிகள் மிஞ்சும்: கலப்பைக் குறுக்குவது, அல்லது கடைசி ஃப்ரேமை உறையவைத்து நீட்டுவது. உறைந்த படிமம் திரையில் உடனே காட்டிக்கொடுத்துவிடும். புகை நிற்கும், தலைமுடி நிற்கும், நீர் நிற்கும். ‘கடைசி வசனத்துக்குப் பிறகு இரண்டு விநாடி அவள் அதே நிலையில் இருக்கிறாள், அதன்மேல் அடுத்த ஷாட் கலக்கிறது’ என்ற ஒரே வாக்கியம் இந்தச் சேதத்தைத் தடுத்துவிடும்.

விப் பேன் இவற்றிலிருந்து வேறுபட்டது. கேமரா சட்டென்று பக்கவாட்டில் திரும்ப, படிமம் கோடுகளாகக் கலங்கி, அந்தக் கலங்கலுக்குள் வெட்டு மறைகிறது. இங்கே ஓரங்கள் இரண்டும் படிமங்களே அல்ல, வேகங்கள். எனவே திசையையும் வேகத்தையும் எழுதவேண்டும். முதல் ஷாட் இடமிருந்து வலமாகத் திரும்பி முடிந்தால், அடுத்தது அதே திசையில் திரும்பியபடிதான் தொடங்கவேண்டும். திசை மாறினால் கேமரா சுவரில் மோதித் திரும்பியதுபோல் இருக்கும். வேகத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. 90 பாகையைக் கால் விநாடியில், அதாவது 6 ஃப்ரேமில் திருப்புவதாக வைத்துக்கொள்வோம். 40 பாகை அகலம் காட்டும் லென்ஸில், ஷட்டர் 48-ல் ஒரு பங்கு விநாடி திறந்திருந்தால், ஒரு ஃப்ரேமின் பதிவு நேரத்தில் கேமரா ஏழரைப் பாகை நகர்ந்திருக்கும். படிமத்தின் ஒவ்வொரு புள்ளியும் திரை அகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீளத்துக்கு இழுபடும். வெட்டை மறைக்க அது போதும். அதையே கொளுத்தும் வெயிலில், ஷட்டரை 500-ல் ஒரு பங்கு விநாடிக்குக் குறுக்கி எடுத்தால் இழுபடும் நீளம் திரையில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். கதவும் ஜன்னலும் தனித்தனியாகத் தெரியும், படம் துடிதுடிக்கும், வெட்டு அப்பட்டமாகத் தெரியும். விப் பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தும் திரையில் விப் பேன் வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் விப் பேனை எங்கே, எதற்காக வைப்பது என்பதைத் தெரிந்துகொள்ள ஆர்சன் வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ (1941) படத்தின் காலையுணவுத் தொடரை ஷாட் ஷாட்டாகப் பார்க்கவேண்டும். முதியவரான லீலாண்ட், தன் பழைய நண்பன் கேனின் முதல் திருமணத்தைப் பற்றிச் செய்தியாளரிடம் சொல்லத் தொடங்குகிறார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது காலையுணவின்போது மட்டும்தான் என்று அவர் சொல்ல, அவர் படிமம் கலைந்து உணவு மேசை துலங்குகிறது. கேனும் எமிலியும் விருந்து உடையிலேயே அருகருகே உட்கார்ந்து கொஞ்சிக்கொள்கிறார்கள். பிறகு கலங்கல். அதே மேசை, வேறு உடை, வேறு நாள். முந்தைய இரவு அவன் பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்த் தன்னைக் காக்கவைத்துவிட்டான் என்கிறாள் எமிலி. மீண்டும் கலங்கல். பத்திரிகை குடியரசுத் தலைவரைத் தாக்குவது பற்றிச் சச்சரவு. அவர் அவளுடைய உறவினர். அடுத்து, குழந்தைக்குப் பரிசு அனுப்பிய பெர்ன்ஸ்டைன் மேல் அவளுக்குள்ள வெறுப்பு. அதற்கடுத்து, மக்கள் என்ன நினைப்பார்கள் என்று அவள் தொடங்க, நான் நினைக்கச் சொல்வதை என்று அவன் வெட்டிப் பேசுகிறான். கடைசியில் பேச்சே இல்லை. அவன் தன் பத்திரிகையைப் படிக்கிறான். அவள் போட்டிப் பத்திரிகையைப் படிக்கிறாள். கேமரா பின்வாங்கும்போது மேசை எத்தனை நீளமானது என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிகிறது. படிமம் மறுபடி கலைந்து லீலாண்டிடம் திரும்புகிறது. ஆறு காலைகளில், இரண்டு நிமிடத்தை ஒட்டிய நேரத்தில், ஒரு திருமணம் முடிந்துவிடுகிறது.

இந்தத் தொடரில் இருவகை மாற்றங்கள் இருக்கின்றன. வெளி எல்லையில் டிஸ்ஸால்வ், உள்ளே விப் பேன். முதியவரின் நினைவுக்குள் போவதும் வெளியே வருவதும் மெல்லிய கலப்பு. நினைவுக்குள் ஆண்டுகள் தாவுவது வேகக் கலங்கல். உள்ளேயும் டிஸ்ஸால்வையே வைத்திருந்தால் காலம் கழிகிறது என்ற செய்தி கிடைத்திருக்கும், ஆனால் பேச்சின் வேகம் போயிருக்கும். விப் பேன் இங்கே ஒரு தந்திரம் செய்கிறது. கேமரா திரும்பினால் நாம் இடம் தொடர்கிறது என்றும் நேரம் தொடர்கிறது என்றும் நம்புகிறோம். இடம் உண்மையிலேயே தொடர்கிறது. அதே அறை, அதே மேசை. நேரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நழுவியிருக்கிறது. அதனால் ஆறு காலைகளின் பேச்சும் ஒரே நீண்ட வாக்குவாதம்போல் காதில் விழுகிறது. பெர்னார்ட் ஹெர்மன் ஒரே வால்ட்ஸ் மெட்டை ஒவ்வொரு காலைக்கும் நிறம் மாற்றி வாசிக்கவைத்திருப்பதும் இதே வேலையைச் செய்கிறது.

இத்தொடரைத் தாளில் எழுதுகிறவர் ‘விப் பேன்’ என்ற சொல்லை மீண்டும் மீண்டும் எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு காலையும் எந்த வாக்கியத்தில் முடிகிறது, அடுத்தது எந்த உடையில், எந்தத் தொனியில் தொடங்குகிறது என்பதே அங்கே எழுதவேண்டியது. முதல் துண்டில் இருவரும் ஒரே ஃப்ரேமில் இருக்கிறார்கள். அதன்பின் தனித்தனி ஃப்ரேம்களில் வாழ்கிறார்கள். கடைசியில் மறுபடி ஒரே ஃப்ரேமில், நடுவில் மேசை. இந்த வளர்ச்சி ஓரங்களில்தான் பதிவாகிறது. பல ஷாட்டுகள் கொண்ட தொடரை எழுதும்போது கூடுதலாக ஒன்றும் சொல்லவேண்டும்: இந்தத் தொடரின் வழக்கமான மாற்றம் எது, எந்த இடத்தில் அது முறிகிறது. ‘சைக்கோ’வில் வெட்டுகளின் மழைக்குப் பிறகு அந்த ஒரு கலப்பு வருவதால்தான் அது மூச்சடங்கியதுபோல் இருக்கிறது. நாலு வெட்டுகளுக்கு நடுவே நாலு கலப்பு என்று கலந்து கட்டியிருந்தால் அந்த ஒன்றுக்கு எடையே இருந்திருக்காது.

இதற்கு வரும் மறுப்புகளில் இரண்டு பதில் சொல்லத்தக்கவை. முதலாவது, கேமராவும் எடிட்டிங்கும் எழுத்தாளரின் வேலை அல்ல, திரைக்கதையில் இவற்றைத் திணிப்பது இயக்குநரின் எல்லைக்குள் நுழைவது என்பது. விற்பதற்காக எழுதப்படும் திரைக்கதையைப் பொறுத்தவரை இது நியாயமான கட்டுப்பாடு. நானும் அதை ஏற்கிறேன். ஆனால் ஓரங்களை எழுத கேமராச் சொற்களே தேவையில்லை. ‘அவன் குச்சியை ஊதுகிறான். வெறுமையான பாலைவனம், சூரியன் இன்னும் எழவில்லை’ என்று எழுதினால் அதில் எந்தத் தொழில்நுட்பச் சொல்லும் இல்லை, மாற்றம் முழுவதும் இருக்கிறது. ஷாட் பிரிப்பும் ஸ்டோரிபோர்டும் இயக்குநரின் மேற்பார்வையில் உருவாகும் ஆவணங்கள். அங்கே இடம், அளவு, திசை, நீளம் எல்லாவற்றையும் எழுதத் தடை ஏதும் இல்லை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் நல்ல வெட்டுக்கான ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு 51 விழுக்காடும் கதைக்கு 23 விழுக்காடும் லயத்துக்கு 10 விழுக்காடும் தந்தார். கண் நிற்கும் இடத்துக்கு 7, திரைத்தளத்தின் ஒழுங்குக்கு 5, காட்சியின் இடத்தொடர்ச்சிக்கு 4. அப்படியானால் நான் இத்தனை நேரம் வலியுறுத்தும் இடம், அளவு, திசை எல்லாம் சேர்த்து 16 விழுக்காட்டுக்குள்தானே அடங்குகின்றன? ஆம், அடங்குகின்றன. ஆனால் மர்ச்சின் வரிசை, எடுத்து முடித்த ஷாட்டுகளிலிருந்து எதைத் தேர்வது என்ற கேள்விக்கான விடை. இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றால் உணர்ச்சியைக் காப்பாற்று என்கிறது அது. என் கேள்வி அதற்கு முன்னால் வருவது: தேர்வதற்கு என்ன இருக்கப்போகிறது? கண் இமைக்காமல் இருப்பது, சூரியன் தாமதிப்பது, மேசையின் நீளம் கடைசியில் தெரிவது ஆகியவை உணர்ச்சியின் பக்கம் நிற்பவை. அவை இடத்தாலும் அளவாலும் நேரத்தாலும் ஆனவை. எடுக்காமல் விட்ட ஓரத்தை எந்த வரிசையாலும் மீட்க முடியாது.

எழுத்தின் எல்லையையும் ஒப்புக்கொள்ளவேண்டும். லயம் தாளில் வராது. கோட்ஸ் எடுத்த இரண்டு ஃப்ரேம்கள் 12-ல் ஒரு பங்கு விநாடி. அதைத் திரையில் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும், எந்தத் திரைக்கதை ஆசிரியரும் முன்கூட்டி எழுதியிருக்க முடியாது. அதனால்தான் மாற்றத்தின் பெயரையும் நீளத்தையும் தாளில் தற்காலிகமாகவும், ஓரங்களை உறுதியாகவும் எழுதவேண்டும் என்கிறேன். இன்றைய எடிட்டிங் மென்பொருளில் வெட்டைக் கலப்பாக்குவதற்கும் கலப்பை வெட்டாக்குவதற்கும் சில நொடிகள் போதும். படப்பிடிப்பில் விட்டுப்போன மூச்சுக்கு மறுபடி நடிகரும் இடமும் வெளிச்சமும் வேண்டும்.

ஷாட் பிரிப்பு எழுதும் இளம் உதவி இயக்குநர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ‘டிஸ்ஸால்வ்’ என்றோ ‘மேட்ச் கட்’ என்றோ எழுதும்போது அதற்கு மேலே ஒரு வரியும் கீழே ஒரு வரியும் விடுங்கள். மேல்வரியில் இந்த ஷாட்டின் கடைசி ஃப்ரேமில் என்ன தெரிகிறது, எது அசைகிறது, என்ன கேட்கிறது என்று எழுதுங்கள். கீழ்வரியில் அடுத்த ஷாட்டின் முதல் ஃப்ரேமுக்கும் அதையே எழுதுங்கள். பெயரைத் தொகுப்பாளர் மாற்றினாலும் அந்த இரண்டு வரிகளும் அவருக்கு உதவும்.